பென்சில் கோட்டை விட்டு விலகாமல் கையால் அறுக்க எந்த ரம்பம்?

"கோடு போட்டு வைத்துத்தான் அறுக்கிறேன். பாதி தூரம் போனதும் ரம்பம் வலது பக்கம் ஓடிவிடுகிறது. மேலே கோட்டில் இருந்தாலும் பலகையைத் திருப்பிப் பார்த்தால் அடியில் சாய்ந்திருக்கிறது. வேறு ரம்பம் வாங்கலாமா?" மரவேலையை வீட்டில் பழகுகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்வி இது. கடைக்குப் போனால் நீளமான சாதாரணக் கைரம்பம், முதுகில் இரும்புப் பட்டை வைத்த டெனான் ரம்பம், ஜப்பானிய இழுப்பு ரம்பம் என்று மூன்று வகை இருக்கின்றன. கையில் இருக்கும் ரம்பத்தையே ஒரு சட்டத்தோடு ஒட்டி ஓட்டுவது நான்காவது வழி. நான்கும் நேராக அறுக்கக் கூடியவைதான். ஆனால் எந்த வேலையில் எது நேராகப் போகும் என்பது மாறும்.

## முதலில் இரண்டு தவறுகளைப் பிரித்துக்கொள்ள வேண்டும்

கேள்வியிலேயே இரண்டு வேறு தவறுகள் இருக்கின்றன. பலகையின் மேல்முகத்தில் கோட்டை விட்டு விலகுவது ஒன்று. கோட்டின் மேலேயே போனாலும் ரம்பம் சாய்ந்து நின்றதால் அடிப்பக்கம் தள்ளிப்போவது இன்னொன்று. முதலாவதை விலகல் என்றும் இரண்டாவதைச் சாய்வு என்றும் வைத்துக்கொள்வோம்.

கை வெறும் 1 டிகிரி தவறியது என்று எடுத்துக்கொள்ளுங்கள். 230 மி.மீ. அகலமும் 20 மி.மீ. தடிமனும் உள்ள ஓர் அலமாரிப் பலகையில் அந்த 1 டிகிரி விலகலானால், மறு ஓரத்துக்குப் போய்ச் சேரும்போது 4 மி.மீ. தள்ளியிருக்கும். அதே 1 டிகிரி சாய்வானால் அடியில் 0.35 மி.மீ.தான் வித்தியாசம் வரும். இழைப்புளியை ஓரிரு முறை ஓட்டினால் போய்விடும். இதையே 60 மி.மீ. சதுரமான ஸ்டூல் காலில் பாருங்கள். எந்தப் பக்கம் தவறினாலும் 1 மி.மீ. வரும். நான்கு கால்களில் ஒன்று 1 மி.மீ. குறைந்தாலே ஸ்டூல் ஆடும்.

அகலமான, மெல்லிய பலகையில் விலகலுக்குத்தான் பயப்பட வேண்டும். குறுகலான, தடித்த மரத்தில் சாய்வும் சம அளவு கெடுக்கும். ரம்பத்தைத் தேர்ந்தெடுக்கும் முன் உங்கள் வேலை இதில் எந்தப் பக்கம் என்று முடிவு செய்துவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்தது.

## எதை வைத்து எடை போடுவது

நான் நான்கு விஷயங்களைப் பார்ப்பேன். போட்ட தடத்தில் ரம்பம் தானாக நேராக ஓடுமா என்பது முதலாவது. கொஞ்சம் விலகினால் திருப்பிக் கொண்டுவர முடியுமா என்பது இரண்டாவது. நல்ல ரம்பத்தில் இந்த இரண்டும் ஒன்றாகவே இருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் இவை ஒன்றுக்கொன்று எதிரானவை.

ரம்பத்தின் பற்கள் ஒன்று இடம், ஒன்று வலம் என்று சற்று வெளியே வளைக்கப்பட்டிருக்கும். இதைத்தான் பல் விரிப்பு, செட் என்கிறார்கள். இதனால் அறுப்புத் தடம் தகட்டின் தடிமனைவிட அகலமாக விழுகிறது. தகடு மரத்தில் சிக்காமல் ஓட அந்த இடைவெளி வேண்டும். விரிப்பு அதிகமானால் தகடு தடத்துக்குள் அசைய இடம் கிடைக்கும், அதனால் திருத்த முடியும். அதே காரணத்தால் அது தளர்ந்தும் ஓடும். விரிப்பு குறைவானால் தகடு தடத்தைப் பிடித்துக்கொண்டு நேராகப் போகும். ஆனால் தொடக்கத்தில் கோணல் விழுந்துவிட்டால் அந்தக் கோணலிலேயே விடாப்பிடியாகப் போகும்.

மூன்றாவது, ரம்பம் எவ்வளவு அகலமும் ஆழமும் தாங்கும். நான்காவது, வாங்கிய பிறகு ஆகும் செலவும் பராமரிப்பும். கடைசியில் சொன்னாலும் பல வீடுகளில் ரம்பம் பரணுக்குப் போவதற்குக் காரணம் இதுதான்.

## நீளமான கைரம்பம்

18 முதல் 22 அங்குல நீளம், அங்குலத்துக்கு 7 முதல் 10 பல். தகடு ஏறக்குறைய 0.8 முதல் 1 மி.மீ. தடிமன் இருக்கும். தள்ளும்போது அறுக்கும். அகலமான பலகைக்கு இதுதான் இயல்பான கருவி. தகடு நீளமாக இருப்பதால் ஒரு தள்ளலுக்கு நிறைய அறுக்கும், மரத்தூளும் தடத்திலிருந்து வெளியே வந்துவிடும். விரிப்பு தாராளமாக இருப்பதால் முதல் சில சென்டிமீட்டரில் ஏற்படும் விலகலைத் திருத்தவும் முடியும்.

திருத்துவது என்றால் கைப்பிடியை முறுக்குவது அல்ல. அதைத்தான் பெரும்பாலானோர் செய்கிறார்கள். முறுக்கினால் தகடு வளைந்து மேலே கோட்டுக்கு வந்தது போலத் தெரியும், அடியில் சாய்வு விழும். ரம்பத்தை விலகல் தொடங்கிய இடத்துக்குப் பின்னால் கொண்டுபோய், கோணத்தைத் தாழ்த்தி, கோட்டுப் பக்கமாக லேசான அழுத்தம் கொடுத்து, கனமே வைக்காமல் நீண்ட வீச்சாக ஓட்டவேண்டும். பற்கள் தடத்தின் ஒரு சுவரைக் கொஞ்சம் சுரண்டிப் புதுப் பாதை எடுத்துக்கொள்ளும். ரம்பம் ஓரிரண்டு அங்குலத்துக்கு மேல் உள்ளே போன பிறகு இதுவும் பெரிதாகப் பலிக்காது.

இதன் பெரிய மறைமுகச் செலவு, பற்களின் நிலை. மலிவான புது ரம்பங்களில் விரிப்பு தேவைக்கு அதிகமாகவும் இரு பக்கமும் சமமில்லாமலும் வருவதுண்டு. எந்தப் பக்கம் விரிப்பு அதிகமோ அந்தப் பக்கமே ரம்பம் ஓடும். கை எவ்வளவு நேராக இருந்தாலும் ஓடும். கோளாறு கையிலா ரம்பத்திலா என்று கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. கழிவுப் பலகையில் ஒரு கோடு போட்டு, பிடியைத் தளர்த்தி, திருத்தாமல் 50 மி.மீ. அறுங்கள். பிறகு அதே ரம்பத்தை இன்னொருவரிடம் கொடுத்து அறுக்கச் சொல்லுங்கள். இருவருக்கும் ஒரே பக்கம் ஓடினால் குறை பெரும்பாலும் ரம்பத்தில்தான். ரம்பத்தை மேசையில் படுக்கவைத்து, அது ஓடும் பக்கத்துப் பற்களின் ஓரத்தில் மெல்லிய எண்ணெய்க் கல்லை ஒரே ஒரு முறை லேசாக இழுத்துவிட்டு மீண்டும் அறுத்துப் பாருங்கள். தேவைப்பட்டால் இன்னொரு முறை. எடுத்ததைத் திரும்ப வைக்க முடியாது என்பதால் இதில் அவசரம் கூடாது.

வாங்கும்போது பல் நுனியைப் பாருங்கள். கருநீலமாக இருந்தால் அது சூடேற்றிக் கடினப்படுத்திய பல். அரம் அதில் வழுக்கும், தீட்ட முடியாது. மழுங்கியதும் வேறு வாங்கவேண்டியதுதான். பிளைவுட் நிறைய அறுப்பவருக்கு இந்த வகை நெடுநாள் உழைக்கும் என்பதால் அது நல்ல பேரமே. தேக்கில் இயற்கையாகவே சிலிக்கா இருப்பதால் எந்தப் பல்லும் அதில் சீக்கிரம் மழுங்கும். தேக்கில் தொடர்ந்து வேலை செய்வதாக இருந்தால் முக்கோண அரத்தால் தீட்டக்கூடிய ரம்பம்தான் வேண்டும்.

## முதுகு ரம்பம்

கடையில் டெனான் சா என்று கேட்டால் கொடுப்பார்கள். 10 அல்லது 12 அங்குலம், அங்குலத்துக்கு 12 முதல் 15 பல். முதுகில் மடித்துப் பொருத்திய இரும்பு அல்லது பித்தளைப் பட்டை இருக்கும். அந்தப் பட்டை தகட்டை விறைப்பாக வைத்திருப்பதால் தகட்டை மெல்லியதாக அடிக்க முடிகிறது, விரிப்பும் குறைவாகப் போதும். பட்டையின் கனமே அறுக்கத் தேவையான அழுத்தத்தைக் கொடுத்துவிடும். கை அழுத்தவேண்டிய அவசியம் இல்லை. அழுத்தாத கைதான் நேராகப் போகும் கை.

சாய்வு விழக்கூடாத வேலைகளுக்கு நான் இதைத்தான் எடுப்பேன். ஸ்டூல் கால், சட்டங்களின் மூட்டு, ஃபிரேம் துண்டு எல்லாம் இதற்கு ஏற்றவை. இன்னொரு வசதியும் இருக்கிறது. நல்ல முதுகு ரம்பத்தின் தகடு பளபளப்பாக இருக்கும். கோட்டின் மேல் வைத்துத் தகட்டைப் பாருங்கள், பலகையின் ஓரம் அதில் தெரியும். பிம்பமும் உண்மையான ஓரமும் உடையாமல் ஒரே நேர்கோடாகத் தொடர்ந்தால் ரம்பம் செங்குத்தாகவும் கோணல் இல்லாமலும் நிற்கிறது. ரம்பம் சாய்ந்தால் பிம்பம் அந்த இடத்தில் மடங்கித் தெரியும். சாய்வை அறுத்த பிறகு கண்டுபிடிக்காமல் அறுக்கும் முன்பே பார்க்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. துருப்பிடித்த தகட்டில் இந்த வசதி போய்விடும். கடலோர ஊர்களில் இருப்பவர்கள் வேலை முடிந்ததும் ஒரு துளி எண்ணெய் தடவித் துடைத்து வைப்பது நல்லது.

குறை, அகலம். பலகையில் ரம்பத்தைச் சாய்த்து அறுத்தால் கொஞ்ச தூரத்தில் முதுகுப் பட்டை பலகையில் இடிக்கும். படுக்கையாக வைத்து அறுத்தாலோ, 12 அங்குல ரம்பத்தில் 230 மி.மீ. பலகைக்கு வீச்சே மிஞ்சாது. தூள் வெளியே வராமல் தடத்தில் அடைத்து ரம்பத்தைப் பக்கவாட்டில் தள்ளும். 150 மி.மீ. அகலத்துக்கு மேல் இதைக் கொண்டு போராடவேண்டாம் என்பேன். பட்டைக்குக் கீழே இருக்கும் தகட்டின் ஆழமும் 75 முதல் 100 மி.மீ.தான்.

## ஜப்பானிய இழுப்பு ரம்பம்

இது இழுக்கும்போது அறுக்கும். இழுக்கையில் தகடு தானாக விறைப்பாகிவிடுவதால் மிக மெல்லிய தகடு போதும். இரு பக்கமும் பல் உள்ள ரியோபாவில் தகடு ஏறக்குறைய 0.5 மி.மீ. முதுகுப் பட்டை உள்ள டோசுகியில் 0.3 மி.மீ. அளவுதான். தடம் மெல்லியதாக விழுவதால் அறுக்கவேண்டிய மரமும் குறைவு, உழைப்பும் குறைவு. ரியோபாவில் ஒரு பக்கம் நாருக்குக் குறுக்கே அறுக்க, மறுபக்கம் நாரோடு அறுக்க. பட்டை இல்லாததால் அகலமான பலகையும் தாங்கும்.

முதன்முதலாக ரம்பம் பிடிப்பவர் கையில் இதைக் கொடுத்தால் பெரும்பாலும் முதல் வெட்டே கோட்டோடு போகும். தரையில் உட்கார்ந்து காலால் மரத்தைப் பிடித்துக்கொண்டு வேலை செய்பவர்களுக்கும் இழுத்து அறுப்பது வசதியாக இருக்கும். மேசை வேண்டியதில்லை.

ஆனால் மேலே சொன்ன எதிர்விளைவு இதில்தான் கடுமையாகத் தெரியும். விரிப்பு மிகக் குறைவு, தகடு மெல்லியது. தொடக்கம் அரை டிகிரி தவறினாலும் அது அந்தப் பாதையிலேயே போகும், திருத்தக் கிட்டத்தட்ட இடமே இல்லை. மெல்லிய தகடு தடத்துக்குள் வில் போல வளைந்தும் போகக்கூடும். மேலே கோடு, அடியில் கோடு இரண்டும் சரியாக இருக்கும், நடுவில் மட்டும் குழிந்திருக்கும். மூலைமட்டத்தை வெட்டு முகத்தில் வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால்தான் இது தெரியும்.

இந்த ரம்பங்கள் முதன்மையாக சுகி, ஹினோகி போன்ற ஜப்பானிய மென்மரங்களை அறுக்க உருவானவை. பைன், மலைவேம்பு, பிளைவுட் இவற்றில் அழகாக ஓடும். வேங்கை, கருவேல் போன்ற கடின மரத்திலும் கணு உள்ள இடத்திலும் நீண்ட மெல்லிய பற்கள் உடையும். இப்போது விற்பவற்றில் பெரும்பாலானவை தீட்ட முடியாத கடினப் பல் வகை, தகட்டை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். வாங்கும்போதே மாற்றுத் தகடு உங்கள் ஊரில் கிடைக்குமா என்று கேட்டுவிடுங்கள். திரும்பித் தள்ளும்போது பலம் கொடுத்தால் தகடு மடிந்துவிடும். மடிந்த தகடு மீண்டும் நேராகப் போகாது.

## ரீப்பரை ஒட்டி ஓட்டுவது

நேரான ரீப்பர் ஒன்றைக் கோட்டோடு வைத்து, இரண்டு சி கிளாம்ப் போட்டு இறுக்கி, தகட்டை அதன் பக்கவாட்டில் ஒட்டி ஓட்டலாம். 40 மி.மீ. சதுர ரீப்பர் போதும். அதன் பக்கமுகம் அடிமுகத்துக்குச் சரியாக 90 டிகிரி இருக்கிறதா என்று மட்டும் மூலைமட்டத்தால் பார்த்துக்கொள்ளுங்கள். விலகல், சாய்வு இரண்டையும் ஒரே நேரத்தில் தடுப்பது இது ஒன்றுதான். கையில் உள்ள சாதாரணக் கைரம்பமே போதும், செலவு கிளாம்புக்கு மட்டும்.

இதற்கும் விலை உண்டு. ஒவ்வொரு வெட்டுக்கும் கட்டி அவிழ்க்க நேரம் ஆகும். பல் விரிப்பு ரீப்பரைக் கீறிக்கொண்டே இருக்கும், சில வெட்டுகளில் அதன் முகம் தேய்ந்து சாயும், அப்போது அது சாய்வையே சொல்லிக் கொடுக்கும். முதுகு ரம்பத்தின் பட்டை ரீப்பரில் இடிக்கும் என்பதால் அதோடு இது அவ்வளவாகச் சேராது. கடையில் கிடைக்கும் பிளாஸ்டிக் மைட்டர் பெட்டியும் இதே யோசனைதான், ஆனால் ஏறக்குறைய 100 மி.மீ. வரைதான் தாங்கும். அதன் பிளவுகள் நாளடைவில் அகன்று ரம்பம் உள்ளே ஆடத் தொடங்கும். ஃபோட்டோ சட்டத்துக்கு அது போதும், மேசைக்குப் போதாது.

| | நீளக் கைரம்பம் | முதுகு ரம்பம் | இழுப்பு ரம்பம் (ரியோபா) | ரீப்பரோடு கைரம்பம் |
|---|---|---|---|---|
| நேராக ஓடுவது | சுமார், கையைப் பொறுத்தது | நன்று | தொடக்கம் சரியானால் மிக நன்று | மிக நன்று |
| விலகினால் திருத்த | முடியும், முதல் ஓரிரு அங்குலத்தில் | ஓரளவு | அநேகமாக முடியாது | தேவைப்படாது |
| சாய்வு | எளிதில் விழும் | கட்டுப்படும் | கட்டுப்படும், நடுவில் குழியலாம் | ரீப்பர் முகம் நேராக இருக்கும்வரை விழாது |
| அகலம் | எவ்வளவும் | 150 மி.மீ. வரை | அகலமும் தாங்கும் | ரீப்பர் நீளம் வரை |
| பின்செலவு | அரம், செட் சரிபார்ப்பு | அரம், துருவிலிருந்து காப்பு | மாற்றுத் தகடு | கிளாம்ப், நேரம் |

## ஒரு பலகை, நான்கு கால்

சரி, இரண்டு வேலைகளை எடுத்துப் பார்ப்போம்.

இரு சுவர்களுக்கு நடுவே 750 மி.மீ. இடத்தில் பொருந்தவேண்டிய 230 மி.மீ. அகலத் தேக்குப் பலகை. நம் வீடுகளின் பூச்சுச் சுவர் பெரும்பாலும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்காது. முன்னால் ஓர் அளவு, பின்னால் ஓர் அளவு தனித்தனியே எடுத்துப் புள்ளி வைத்து இணையுங்கள். இங்கே மூலைமட்டக் கோட்டை நம்பினால் ஒரு மூலையில் இடைவெளி விழும். கூரான பென்சிலால் கோடு போட்டு, அதன் மேலேயே கட்டர் பிளேடால் மூன்று முறை லேசாகக் கீறுங்கள். மேல் நார் வெட்டுப்பட்டிருப்பதால் ஓரம் சிலிர்க்காது.

இந்த வேலையில் சாய்வு பெரிய பிரச்சினை இல்லை. அடிப்பக்கம் அரை மி.மீ. குறைந்தால் பலகை சுவருக்குள் இன்னும் எளிதாக இறங்கும். விலகல்தான் கெடுக்கும். எனவே ரீப்பர் கட்டி நீளக் கைரம்பம். நமக்கு வேண்டிய துண்டின் மேல் ரீப்பரை வைத்து, தகடு கோட்டின் கழிவுப் பக்கத்தை உரசும்படி கட்டுங்கள். கோடு முழுதாகத் தெரிந்துகொண்டே இருக்கவேண்டும். ரம்பத்தை முதலில் ஓரத்தில் வைத்து, கட்டைவிரல் முட்டியைத் தகட்டுக்கு அணை கொடுத்து, பின்னுக்கு இரண்டு மூன்று இழுப்பு. பிறகு முன்னுக்கு, ரம்பத்தின் கனத்தையும் கொஞ்சம் தூக்கிப் பிடித்தபடி. தடம் 5 மி.மீ. ஆழம் ஆனதும் முழு வீச்சு. சுட்டுவிரலைக் கைப்பிடியோடு நீட்டித் தகட்டின் திசையைக் காட்டும்படி வைத்தால் மணிக்கட்டு முறுக்காது. கோடு, தகடு, முழங்கை, தோள் நான்கும் ஒரே நேரில் இருக்கும்படி நிற்கும் இடத்தை மாற்றிக்கொள்ளுங்கள். முழங்கை விலாவில் இடித்தால் ரம்பம் வளைவாகப் போகும். கடைசி 20 மி.மீ. வரும்போது கழிவுத் துண்டை இடது கையால் தாங்குங்கள், இல்லாவிட்டால் அது தன் கனத்திலேயே நாரைப் பிளந்துகொண்டு விழும்.

இரண்டாவது வேலை, 60 மி.மீ. சதுரமான நான்கு வேப்பமரக் கால்கள். வேம்பில் நார் ஒன்றுக்குள் ஒன்று பின்னியிருக்கும். அதனால் மெல்லிய இழுப்பு ரம்பத்தை விட முதுகு ரம்பம் நல்லது. கோட்டை நான்கு முகத்திலும் மூலைமட்டத்தால் சுற்றிக்கொண்டு வாருங்கள். தொடங்கிய இடத்திலேயே கோடு வந்து சேரவேண்டும். சேராவிட்டால் மரம் சதுரமாக இல்லை, முதலில் இழைக்கவேண்டும். பிளேடால் கீறி, கழிவுப் பக்கத்திலிருந்து உளியால் கோட்டை நோக்கி மெல்லிய சரிவாகச் சீவிவிடுங்கள். ரம்பம் உட்கார ஒரு சுவர் கிடைக்கும்.

இப்போது ஒரே முகத்திலிருந்து அடிவரை அறுத்துவிடாதீர்கள். முதல் முகத்தில் 5 மி.மீ. ஆழம், காலைத் திருப்பி அடுத்த முகத்தில் 5 மி.மீ., இப்படி நான்கு முகத்திலும் தடம் போடுங்கள். பிறகு முதல் முகத்தில் எதிர் மூலையிலிருந்து ரம்பத்தைச் சாய்த்து, மேல்கோட்டையும் உங்களுக்கு எதிரே தெரியும் பக்கக் கோட்டையும் ஒரே நேரத்தில் பார்த்தபடி பாதிவரை இறங்குங்கள். காலைத் திருப்பி மறுமுகத்திலிருந்து மீதியை அறுங்கள். தகடு ஒவ்வொரு முறையும் ஏற்கனவே போட்ட இரண்டு தடங்களுக்குள் ஓடும், சாய்வதற்கு இடமில்லை. நான்கும் முடிந்ததும் கண்ணாடித் துண்டு போன்ற சமதளத்தில் ஒவ்வொன்றாக நிறுத்தி மூலைமட்டம் வைத்துப் பாருங்கள்.

## ஒன்றே ஒன்றுதான் வாங்குவேன் என்பவர்களுக்கு

மூட்டு, சட்டம், சிறு மரச்சாமான் செய்பவர் தீட்டக்கூடிய 12 அங்குல முதுகு ரம்பம் வாங்குங்கள். அகலப் பலகை எப்போதாவது வந்தால் யாரிடமாவது கைரம்பம் வாங்கி ரீப்பர் கட்டி அறுத்துக்கொள்ளலாம். பிளைவுட், பைன், மலைவேம்பு மட்டும்தான் அறுப்பேன், அரம் பிடித்துத் தீட்ட நேரமில்லை என்பவருக்கு 240 மி.மீ. ரியோபா பொருந்தும், கூடவே ஒரு மாற்றுத் தகடு. வீட்டில் ஏற்கனவே ஒரு கைரம்பம் இருந்து அது ஒரு பக்கமாக ஓடுகிறது என்றால் இப்போதைக்கு எதுவும் வாங்கவேண்டாம். எண்ணெய்க் கல் சோதனையைச் செய்துவிட்டு, இரண்டு சி கிளாம்பும் நேரான ரீப்பரும் வாங்கி அதையே ஒட்டி ஓட்டிப் பாருங்கள். அதற்குப் பிறகும் ரம்பம் ரீப்பரை விட்டு வெளியே தள்ளிக்கொண்டு போனால் கோணல் பற்களில்தான் இருக்கிறது. அதைத் தீட்டுபவரிடம் கொடுத்துப் பல்லை மறுபடி விரித்து வாங்கிய பிறகு, புது ரம்பம் வேண்டுமா என்று யோசிக்கலாம்.